போட்டோவில் பச்சை, பார்சலில் பழுப்பு: கையால் செய்த மூலிகை சோப்பை எப்படிப் படிப்பது?

இன்ஸ்டாகிராமில் அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாலைந்து சோப்புகள். பளபளப்பு கிடையாது. வெட்டிய விளிம்பு கொஞ்சம் கரடுமுரடாகத் தெரியும். உள்ளே பொடிப்பொடியாக இலைத் துணுக்கு, மேலே இரண்டு காய்ந்த பூவிதழ். நிறம் மட்டும் அப்போதுதான் பறித்த வேப்பிலை மாதிரி பச்சை. கீழே ‘100% ஹேண்ட்மேட், நோ கெமிக்கல்’ என்று ஒரு வரி.

ஆர்டர் போடுகிறோம். பத்து நாளில் பார்சல் வருகிறது. பிரித்தால் சோப்பு பழுப்பாக இருக்கிறது. “சிஸ்டர், போட்டோல பச்சையா இருந்துச்சு, வந்தது பழசு மாதிரி இருக்கே?” என்று மெசேஜ் போகிறது. ரேட்டிங்கில் ஒரு ஸ்டார் விழுகிறது.

இதில் ஏமாற்று நடந்திருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. பழுப்பாக வந்த அந்த சோப்புதான் உண்மையில் இலைப்பொடி போட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்று மாதம் கழித்தும் அதே பளிச் பச்சையில் இருக்கும் சோப்பைப் பார்த்துத்தான் கேள்வி கேட்க வேண்டும். ஏன் அப்படி என்று புரிய, அந்த சோப்பு பிறந்த நாளுக்குப் போக வேண்டும்.

1 கிலோ எண்ணெய், 13 சோப்பு

வீட்டிலிருந்து சிறிய அளவில் செய்பவர்களில் பலர் பின்பற்றுவது ‘கோல்டு ப்ராசஸ்’ முறை. அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல், எண்ணெயையும் காரக் கரைசலையும் கலந்து, அவை தாமாகவே சோப்பாக மாற விடுவதுதான் இது. ஒரு சின்ன கணக்கோடு பார்ப்போம்.

தேங்காய் எண்ணெய் 400 கிராம், ஆலிவ் எண்ணெய் 500 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம். மொத்தம் 1 கிலோ. தேங்காய் எண்ணெய் இருந்தால்தான் சோப்பு கெட்டியாகும், நுரையும் பொங்கும். அது அதிகமானால் தோல் வறளும். அதை ஈடுகட்டத்தான் ஆலிவ். விளக்கெண்ணெய் நுரையைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும்.

இதோடு சேர வேண்டியது காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு. ‘நோ கெமிக்கல்’ என்று எழுதியிருந்தாலும் சரி, பாட்டி காலத்து முறை என்று எழுதியிருந்தாலும் சரி, இது இல்லாமல் கட்டி சோப்பு கிடையாது. எண்ணெயும் காரமும் வினைபுரிந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறுகின்றன. அளவு சரியாக இருந்தால் கடைசியில் காஸ்டிக் சோடா என்று தனியாக எதுவும் மிஞ்சாது.

அளவு சரியாக என்றேன் அல்லவா, விஷயமே அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவைப்படும் காரத்தின் அளவு வேறு. 1 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு சுமார் 0.183 கிராம் வேண்டும். ஆலிவுக்கு 0.135 போதும். விளக்கெண்ணெய்க்கு இன்னும் குறைவு, 0.128. நம் கலவைக்குப் பெருக்கிக் கூட்டினால் 73.2 + 67.5 + 12.8 = 153.5 கிராம். இதை அப்படியே போடமாட்டார்கள். 5 சதவீதம் குறைத்து 145.8 கிராம் போடுவார்கள். அப்போது எண்ணெயில் ஒரு சிறு பங்கு வினைபுரியாமல் சோப்புக்குள்ளேயே தங்கிவிடும். தோலுக்கு மென்மை தருவதும் அதுதான், அளவில் சின்ன பிசகு வந்தால் காப்பாற்றும் கையிருப்பும் அதுதான்.

காரத்தை அதைப்போல் இரு மடங்கு, சுமார் 290 கிராம் தண்ணீரில் கரைக்கிறார்கள். காரத்தைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும். தண்ணீரைக் காரத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கரைந்ததும் அடுப்பில்லாமலேயே கரைசல் கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே வரை சூடாகிவிடும். அது ஆறியதும் எண்ணெயில் ஊற்றிக் கலக்குவார்கள். கலவை தோசை மாவுப் பதத்துக்கு வரும்போது, அதாவது கரண்டியிலிருந்து ஒழுகவிட்டால் மேலே ஒரு கோடு தங்கி நிற்கும்போது, மூலிகைப் பொடியைச் சேர்க்கிறார்கள். 1 கிலோ எண்ணெய்க்கு 15 கிராம் பொடி என்பது வழக்கமான அளவுதான். நீளமான அச்சில் ஊற்றி மூடினால், ஒன்றிரண்டு நாளில் பன்னீர்க் கட்டி மாதிரி இறுகும். வெளியே எடுத்து வெட்டினால் 110 கிராமில் 13 சோப்பு.

அந்த அடுக்கிய படத்தைப் பெரும்பாலும் எடுப்பது இந்தத் தருணத்தில்தான். வெட்டிய அன்று.

பச்சை எங்கே போனது?

வெட்டிய அன்று சோப்பை விற்க முடியாது. நாலு முதல் ஆறு வாரம் காற்றோட்டத்தில் வைத்துக் காயவிட வேண்டும். தண்ணீர் ஆவியாகி, 110 கிராம் சோப்பு 95 கிராம் அளவுக்கு வந்து, கெட்டியாகி, மிதமாகும் காலம் அது. போட்டோவுக்கு ஒட்டி அடுக்குவார்களே தவிர, காயவைக்கும்போது இடைவெளி விட்டுத்தான் வைப்பார்கள். ஒட்டியிருந்தால் ஒட்டிய பக்கம் காயாது.

இந்த ஆறு வாரத்தில்தான் நிறம் மாறுகிறது. இலையின் பச்சை குளோரோஃபில். அதற்கு வெளிச்சமும் காற்றும் ஆகாது, காரத்திலும் அது முன்போல இருப்பதில்லை. வேப்பிலை, குப்பைமேனி, துளசி, எந்த இலைப்பொடி போட்டாலும் முதல் நாள் பளிச் பச்சை, ஒன்றிரண்டு வாரத்தில் பாசிப் பச்சை, அப்புறம் காக்கி, கடைசியில் பழுப்பு. ஜன்னல் பக்கம் வைத்தால் இன்னும் சீக்கிரம்.

இந்த மாற்றம் முதலில் சோப்பின் வெளிப்பக்கத்தில்தான் நடக்கும். உள்ளே வெளிச்சமும் இல்லை, காற்றும் குறைவு. இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் சிரியாவின் அலெப்போ சோப்பு. ஆலிவ் எண்ணெயும் லாரல் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, தரையில் பாய் விரித்தாற்போல ஊற்றி, வெட்டி, காற்று புகும்படி இடைவெளி விட்டுக் கோபுரம் கோபுரமாக அடுக்கி மாதக்கணக்கில் வைப்பார்கள். வெளியே பொன்பழுப்பு, கத்தியால் வெட்டினால் உள்ளே பச்சை. அந்த ஊர்க்காரர்கள் சோப்பு சரியாக முதிர்ந்ததற்கு அடையாளமாகவே அந்த இரட்டை நிறத்தைப் பார்க்கிறார்கள். இந்தத் தயாரிப்பு முறையை 2024-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்த்தது. அங்கே பழுப்பு பெருமை. இங்கே ஒரு ஸ்டார்!

மஞ்சள் கறையும் செம்பருத்திப் பூவும்

மற்ற நிறங்களின் கதை இன்னும் சுவாரசியம். அதற்கு ஆய்வகம் வேண்டாம், வீட்டிலேயே பார்த்ததுதான். வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டினால் மஞ்சள் கறை. அதில் துணி சோப்பைத் தேய்த்தால் என்ன ஆகும்? சட்டென்று சிவக்கும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரம் பட்டால் சிவப்பாவதுதான் காரணம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே வேதியியல்தான்.

அப்போ மஞ்சள்தூள் போட்ட சோப்பு என்ன நிறத்தில் இருக்க வேண்டும்? காரக் கலவையில் விழுந்ததும் செங்கல் மாதிரி ஆகும். சோப்பு மிதமாக ஆக ஆக, ஆரஞ்சு கலந்த பழுப்பு அல்லது மங்கிய கடுகு நிறத்துக்கு வரும். வெயில் பட்டால் அதுவும் வெளிறும். எலுமிச்சைப் பழ மஞ்சளில் பளிச்சென்று ஒரு ‘மஞ்சள் சோப்பு’ வந்தால், அந்த நிறம் மஞ்சள்தூளிலிருந்து மட்டும் வந்திருக்க முடியாது.

செம்பருத்தியும் அப்படித்தான். செம்பருத்திச் சாறு அமிலத்தில் ஒரு நிறம், காரத்தில் பச்சை என்று பள்ளி அறிவியலில் படித்தோம். அதே பூவை சோப்பில் போட்டால் சிவப்பு எப்படி நிற்கும்? பச்சை கலந்த சாம்பலாகி, பழுப்பில் முடியும். ரோஜா இதழ் இன்னும் மோசம், ஓரமெல்லாம் கருத்துவிடும். லாவெண்டர் மொட்டை மேலே தூவி அழகு பார்த்தவர்கள், சில வாரத்தில் அது எலிப்புழுக்கை மாதிரி ஆனதைப் பார்த்து நொந்துபோவதும் உண்டு. அதனால் இளஞ்சிவப்பில் ‘ரோஜா சோப்பு’ என்றால், அந்த நிறம் இதழின் நிறம் இல்லை.

எல்லாமே பழுப்பில்தான் முடியும் என்றும் இல்லை. காரத்தைத் தாங்கும் இயற்கை நிறங்கள் சில இருக்கின்றன. காலெண்டுலா இதழ் மாதக்கணக்கில் மஞ்சளாகவே இருக்கும். அதன் நிறமி வேறு வகை. மஞ்சிட்டி வேர் இளஞ்சிவப்பு தரும். அவுரியிலிருந்து எடுக்கும் நீலம் நிற்கும். கரித்தூள், முல்தானி மிட்டி, செம்மண் போன்றவை தாவரச் சாயமே இல்லை என்பதால் அசைவதில்லை. நன்றாகத் தெரிந்த தயாரிப்பாளர் இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் ரோஜாவைத் தேடமாட்டார், மஞ்சிட்டியைத் தேடுவார்.

அப்போ பச்சையாகவே இருப்பது எப்படி?

பதில் எளிது: நிறமி சேர்த்திருப்பார்கள். பச்சைக்கு குரோமியம் ஆக்சைடு, சிவப்புக்கு இரும்பு ஆக்சைடு, வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. இவை காரத்திலும் வெளிச்சத்திலும் மாறாது. அழகுசாதனத் தரத்தில், அனுமதிக்கப்பட்ட வகையில் சேர்த்தால் இவற்றைப் பார்த்து அலற வேண்டியதில்லை. பெரிய கம்பெனிப் பொருள்களிலும் இருக்கின்றன. பெயர்ப் பட்டியலில் ‘சி.ஐ.’ என்று தொடங்கும் ஐந்து இலக்க எண்ணாக அவை வரும். குரோமியம் ஆக்சைடு பச்சை என்றால் 77288.

பிரச்சினை நிறமியில் இல்லை, ‘நிறம் இயற்கையானது’ என்று சொல்லி அதை மறைப்பதில் இருக்கிறது. இதில் வாங்குபவர்களுக்கும் பங்கு உண்டு என்பது என் கருத்து. பழுப்பு சோப்பைத் திருப்பி அனுப்பி, பச்சை சோப்புக்கு ஹார்ட் போடுகிறோம். நேர்மையாக இலைப்பொடி மட்டும் போட்டவர் நாலு புகார் வந்த பிறகு ஐந்தாவது முறை ஒரு சிட்டிகை நிறமியைக் கலந்துவிடுகிறார்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, அலெப்போக்காரர்களின் வழிதான். சோப்பைக் கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். வெளியே பழுப்பு, உள்ளே பச்சை கலந்திருந்தால் இலை. வெளியேயும் உள்ளேயும் அச்சு அசலாக ஒரே பச்சை, அதுவும் இரண்டு மூன்று மாதம் ஆன சோப்பில் என்றால் நிறமி. ஆனால் ரொம்பப் பழைய சோப்பில் உள்ளேயும் பழுப்பு ஏறியிருக்கும். இலையும் நிறமியும் சேர்த்துப் போட்டிருந்தால் இந்தச் சோதனை குழப்பும். முதல் சந்தேகத்தைத் தீர்க்க மட்டும் இது போதும்.

பளபளப்பு இல்லையே, ஏன்?

கடையில் வாங்கும் குளியல் சோப்பு வழவழவென்று இருப்பதற்குக் காரணம் இயந்திரம். சோப்பைச் சேமியா மாதிரி சிறு துண்டுகளாக்கி, உருளைகளுக்கு இடையே திரும்பத் திரும்ப நசுக்கி, அழுத்திப் பிதுக்கி நீளக் கட்டியாக எடுத்து, அச்சில் பலமாக முத்திரை குத்துகிறார்கள். உள்ளே இடைவெளியே இருக்காது. மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வரும்.

கோல்டு ப்ராசஸ் சோப்பு அச்சுக்குள் தன்போக்கில் இறுகுகிறது. நுண்ணிய படிகங்கள் ஒழுங்கில்லாமல் அமைவதாலும், கம்பியோ கத்தியோ அதை அறுத்துக்கொண்டு போவதாலும், வெளிச்சம் சிதறி மங்கலாகத் தெரிகிறது. இறுகும்போது கலவை நன்றாகச் சூடேறினால் நிறம் அடர்த்தியாகவும் லேசாகக் கண்ணாடித்தன்மையோடும் வரும். சூடேறாமல் இறுகினால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளிறிய மங்கல். இரண்டும் நல்ல சோப்புதான். சில சோப்புகளில் நடுவில் வட்டமாக அடர்நிறம், ஓரத்தில் வெளிர்நிறம் தெரியும். நடு மட்டும் சூடேறியதன் அடையாளம் அது, பழுதில்லை.

மேல்பக்கம் வெள்ளையாகச் சாம்பல் பூத்தாற்போல இருந்தால் பயப்பட வேண்டாம். இறுகும் முன் மேலே இருந்த காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சோடியம் கார்பனேட் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். மெல்லிய படலம், நகத்தால் சுரண்டினால் போகும், முதல் குளியலிலேயே கரைந்துவிடும்.

கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும், உள்ளே பூ மிதப்பது போன்ற ‘ஹேண்ட்மேட்’ சோப்பு வேறு ரகம். தொழிற்சாலையில் தயாரான சோப்புக் கட்டியை வாங்கி, உருக்கி, வாசனையும் நிறமும் சேர்த்து அச்சில் ஊற்றுவது அது; ‘மெல்ட் அண்ட் போர்’ என்பார்கள். கையால்தான் செய்தது, பொய்யில்லை. ஆனால் செய்பவர் காரத்தைத் தொடவே இல்லை, எந்த எண்ணெய் என்று தேர்ந்தெடுக்கவும் இல்லை. சென்னைப் புழுக்கத்தில் பிரித்து வைத்தால் மேலே முத்து முத்தாக வியர்க்கும். அதிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதுதான் காரணம். கோல்டு ப்ராசஸ் சோப்புக்கான விலையை இதற்குக் கேட்டால், எந்த முறை என்று நீங்கள் கேட்பதில் தப்பில்லை.

விளிம்பு சொல்லும் சேதி

எனக்குக் கேட்டால், சோப்பில் முதலில் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, வெட்டிய முகத்தைத்தான்.

கம்பியால் அறுத்தது நேராக, சன்னமான கோடுகளோடு இருக்கும். கத்தியால் வெட்டியதில் அங்கங்கே படிபோலத் தெரியும். இலைத் துணுக்கு பெரிதாக இருந்தால் கம்பி அதை இழுத்துக்கொண்டு போய், வால்நட்சத்திரம் மாதிரி ஒரு கீறல் விழும். இதெல்லாம் அழகுக் குறை மட்டுமே. ஒரே அச்சில் வெட்டிய 13 சோப்பும் எடையில் இரண்டு மூன்று கிராம் முன்பின் இருப்பதும் சகஜம்.

விளிம்பு பிஸ்கட் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் அதிகமான சோப்பை நேரம் தப்பி, ரொம்ப இறுகிய பிறகு வெட்டினாலும் உதிரும். காரம் கூடிப்போனாலும் உதிரும். உதிர்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் உதிர்வதோடு, வெட்டிய முகத்தின் உள்ளே, மேற்பரப்பில் இல்லை, உள்ளே, வெள்ளைப் புள்ளிகளோ திட்டுகளோ இருந்தால், கரையாத காரமாக இருக்கலாம். சிறு குழிகளில் பிசுபிசுப்பான நீர் தேங்கியிருந்தால் அது இன்னும் மோசமான அறிகுறி. எண்ணெயும் காரமும் சேராமல் பிரிந்து நின்றிருக்கலாம். அந்த நீரை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். அந்த சோப்பை உடம்பில் போடவும் வேண்டாம்.

‘ஆலிவைக் கொஞ்சம் கூட்டினேன், அவ்வளவுதான்’

காரம் எப்படிக் கூடுகிறது? யாரும் வேண்டுமென்று போடுவதில்லை. பெரும்பாலும் கணக்கில் ஒரு சின்ன அலட்சியம். நம் 1 கிலோ கலவைக்கே திரும்ப வருவோம்.

தேங்காய் எண்ணெய் அதிகமாக இருக்கிறது, தோல் வறள்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செய்பவர் தேங்காய் எண்ணெயை 400-லிருந்து 200 கிராமாகக் குறைத்து, ஆலிவை 500-லிருந்து 700 ஆகக் கூட்டுகிறார். மொத்தம் அதே 1 கிலோதான். அதனால் காரத்தை மாற்றத் தோன்றவில்லை, பழையபடி 145.8 கிராமே போடுகிறார்.

இப்போது உண்மையான தேவை என்ன? தேங்காய்க்கு 36.6, ஆலிவுக்கு 94.5, விளக்கெண்ணெய்க்கு 12.8. மொத்தம் 143.9 கிராம். போட்டது 145.8. எண்ணெய் முழுவதும் சோப்பாகி முடிந்த பிறகும் 1.9 கிராம் காஸ்டிக் சோடா போக இடமில்லாமல் நிற்கிறது. கையிருப்பாக விட்ட 5 சதவீத எண்ணெய் போயே போச்சு. மிதமாக்கத்தான் ஆலிவைக் கூட்டினார். வந்ததோ முன்பைவிடக் கடுமையான சோப்பு! வாடிக்கையாளரின் தோல் இன்னும் எரியும். காரணம் யாருக்கும் புரியாது. நிறம் அதே, வாசனை அதே, அடுக்கி எடுத்த போட்டோவும் அதே.

எண்ணெயைக் கப்பில் அளப்பது, ஐந்து கிராம் வரை முன்பின் காட்டும் பழைய தராசில் காரத்தை நிறுப்பது, இவையும் இதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். தலைகீழாகவும் நடக்கும். காஸ்டிக் சோடா டப்பாவைச் சரியாக மூடாமல் வைத்தால் அது காற்றின் ஈரத்தை இழுத்து வலுவிழக்கும். அதை நிறுத்துப் போட்டால் உண்மையில் காரம் குறைவு. சோப்பு கொழகொழவென்று, எண்ணெய்ப் பசையோடு நிற்கும். அது தோலைச் சுடாது, ஆனால் சீக்கிரம் கெட்டுப்போகும்.

சோப்பு செய்பவர்கள் நுனிநாக்கில் ஒரு தொடு தொட்டுப் பார்ப்பதுண்டு. காரம் மிஞ்சியிருந்தால் சிறு பேட்டரியை நக்கியது போல ‘சுர்’ரென்று இருக்கும். அனுபவப்பட்டவர்கள் செய்வது அது. வாங்குபவர்கள் முயல வேண்டாம். முழங்கையின் உள்பக்கத்தில் நுரையைத் தடவிக் கழுவிவிட்டு ஒருநாள் பொறுத்துப் பார்ப்பது போதும்.

பி.எச். 5.5 மூலிகை சோப்பு?

இப்படி ஒரு வரியைப் பார்த்தால் நின்று யோசியுங்கள். எண்ணெயும் காரமும் சேர்ந்து உருவான எந்த சோப்பும், எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும், 9-க்கும் 10-க்கும் இடைப்பட்ட பி.எச். கொண்டதுதான். அதை 5.5-க்கு இறக்க அமிலம் சேர்த்தால் சோப்பு சோப்பாக இருக்காது, கொழுப்பமிலமாகப் பிரிந்துவிடும். 5.5 பி.எச். கொண்ட கட்டிகள் கடையில் கிடைக்கின்றன, அவை சோப்பு அல்ல. வேறு நுரைப்பான்களால் செய்தவை. தோல் மருத்துவர் அதைத்தான் பரிந்துரைத்திருந்தால், எவ்வளவு அழகான மூலிகை சோப்பும் அதற்கு மாற்றாகாது.

மூலிகையின் மருத்துவ குணம் பற்றியும் இதே மாதிரி ஒரு கணக்கு. 15 கிராம் பொடி 13 சோப்பில் பரவினால் ஒரு சோப்புக்கு 1 கிராமுக்குச் சற்று மேல். அதுவும் காரத்தில் ஊறி, காய்ந்து, ஒரு மாதக் குளியலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஒரு நிமிடத்துக்குள் தண்ணீரோடு போய்விடுகிறது. லேசாகத் தேய்த்து அழுக்கெடுக்கும், மணமும் நிறமும் கொஞ்சம் தரும். சொரியாசிஸ் குணமாகும், தேமல் போகும் என்றெல்லாம் எழுதியிருந்தால் அது அந்த 1 கிராம் தாங்கக்கூடிய பாரம் இல்லை.

உறையைத் திருப்பிப் பாருங்கள்

இந்தியச் சட்டப்படி குளியல் சோப்பு ஓர் அழகுசாதனப் பொருள். விற்பனைக்குச் செய்ய, சிறிய அளவிலானாலும், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உற்பத்தி உரிமம் தேவை. ஆயுர்வேத மருந்து என்ற பெயரில் விற்றால் அதற்கு ஆயுஷ் உரிமம் தனி. உறையில் தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், சேர்மானங்கள், தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்க வேண்டும்.

இதில் அந்தத் தயாரிப்பு மாதம் ரொம்ப உதவும். போன வாரம் செய்தது என்று இருந்தால், சோப்பு இன்னும் காயவில்லை. சோப்புக் கிண்ணத்தில் ரெண்டே வாரத்தில் கூழாகிவிடும். வாங்கி, நீங்களே ஒரு மாதம் தட்டில் காற்றாட வைத்துக்கொள்ளலாம்.

சேர்மானப் பட்டியலில் ‘சோடியம் ஹைட்ராக்சைடு’ என்றோ, ‘சோடியம் கோகோயேட்’, ‘சோடியம் ஒலிவேட்’ என்றோ இருந்தால் மிரள வேண்டாம். முதலாவது போட்ட பொருளின் பெயர், மற்றவை காரத்தோடு சேர்ந்து சோப்பான தேங்காய் எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும். அவற்றை எழுதியவர் உள்ளதை எழுதியிருக்கிறார். ‘வேப்பிலை, கற்றாழை, அன்பு’ என்று மட்டும் எழுதியிருப்பவரிடம்தான் கேட்க வேண்டும்: எண்ணெய் என்னென்ன, எந்தத் தேதியில் வெட்டினீர்கள், ஆறு வாரம் ஆன ஒரு சோப்பின் போட்டோ அனுப்ப முடியுமா? தொழில் தெரிந்தவர் உடனே அனுப்பிவிடுவார், கூடவே எந்த எண்ணெய் எத்தனை சதவீதம் என்று பெரிய விளக்கமும் வரும்!

வாங்கிய பிறகு இன்னொன்று. நாலைந்து மாதத்தில் மேலே ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தெரிந்து, பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால், அது இலையின் பழுப்பு இல்லை. உள்ளே மிஞ்சிய எண்ணெய் காற்றுபட்டுக் கெட்டுப்போனது. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் அதிகம் சேர்ந்த சோப்புகளில் இது சீக்கிரம் வரும். புழுக்கமான குளியலறை அலமாரி இன்னும் அவசரப்படுத்தும். ஒன்றிரண்டு புள்ளி என்றால் அந்த இடத்தை மட்டும் சீவிவிட்டுப் பயன்படுத்தலாம். மிச்ச சோப்புகளை பிளாஸ்டிக் டப்பாவில் அடைக்காமல், காகிதத்தில் சுற்றி, துணி அலமாரியில் வையுங்கள். துணியும் மணக்கும்.